முதலிடமும் எழுத்தளவும்: கடைப் பெயர்ப்பலகையை ஒரு பனுவலாக வாசித்தல்

கருத்து விளக்கக் கட்டுரையில் மாணவர்கள் அடிக்கடி எடுத்துக்கொள்ளும் தலைப்புகளில் ஒன்று மொழியுரிமை. அதில் கடைப் பெயர்ப்பலகை ஓர் எடுத்துக்காட்டாக வந்துவிடும். பெரும்பாலான கட்டுரைகள் இரண்டு வாக்கியத்தில் முடிஞ்சிடும்: "நம் மொழிக்குப் பலகையில் இடம் வேண்டும். அதைச் சிறுமைப்படுத்தக் கூடாது." எந்த இடம், எவ்வளவு இடம், யார் அளப்பது, எதைக் கொண்டு அளப்பது என்ற கேள்விகளுக்கு அந்தக் கட்டுரைகளில் பதில் இருக்காது. நாளிதழ்களில் வரும் எதிர்வினைகளும் இதே மாதிரிதான் இருக்கின்றன. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

நம்ம ஊர்ப் பெயரிலிருந்தே தொடங்கலாம். சிம்பாங் அம்பாட் என்றால் நாற்சந்தி. மலாய்ச் சொல்லை நாம் தமிழ் எழுத்தில் எழுதுகிறோம். எழுத்து தமிழ், மொழி மலாய். எழுத்து வேறு, மொழி வேறு என்ற இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

சட்டம் சொல்வது என்ன?

கூட்டரசு அரசியலமைப்பின் 152ஆவது பிரிவு மலாயைத் தேசிய மொழி என்கிறது. அதே பிரிவு, அதிகாரப்பூர்வப் பயன்பாட்டுக்கு அல்லாத வேறெதற்கும் எவரும் வேறு எந்த மொழியையும் பயன்படுத்துவதையோ, கற்பதையோ, கற்பிப்பதையோ தடுக்கக் கூடாது என்றும் சொல்கிறது. கடைப்பலகையில் தமிழோ சீனமோ இருப்பது இந்த இரண்டாவது பாதியின் கீழ் வருகிறது. ஆனால் பலகையை மாட்டுவதற்கு உரிமம் வேண்டும். 1976ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் (சட்டம் 171) அந்த அதிகாரத்தை உள்ளாட்சி மன்றங்களிடம் தந்திருக்கிறது. விளம்பரப் பலகைகளுக்கான துணைச் சட்டத்தை ஒவ்வொரு மன்றமும் தானே இயற்றிக்கொள்கிறது. கோலாலம்பூரில் 1982ஆம் ஆண்டு விளம்பரத் துணைச் சட்டம் இருக்கிறது. சிம்பாங் அம்பாட்டில் கடை வைப்பவர் அலோர் காஜா நகராண்மைக் கழகத்தைப் பார்க்க வேண்டும். மலாக்கா நகருக்குள் கடை வைப்பவர் மலாக்கா வரலாற்று மாநகராட்சியைப் பார்க்க வேண்டும்.

இந்தத் துணைச் சட்டங்களின் பொதுவான சாரம் இதுதான்: பலகையில் தேசிய மொழி கட்டாயம் இருக்க வேண்டும், வேறு மொழி இருந்தால் தேசிய மொழிக்கு முதன்மை தர வேண்டும். மலாய்ச் சொற்கள் சரியா என்பதை டேவான் பஹாசா டான் புஸ்தாகா சரிபார்த்துத் தரும். அதன் பிறகே பல மன்றங்கள் உரிமம் தருகின்றன.

2024ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் கோலாலம்பூர் மாநகராட்சி இந்த விதியைத் தீவிரமாக அமலாக்கத் தொடங்கியபோது நாடு முழுவதும் வாக்குவாதம் எழுந்தது. தேசிய மொழிக்கு முன்னுரிமை தர வேண்டும், பிற மொழிகளைத் தடுக்கவில்லை என்பதுதான் பிரதமர் அன்வார் இப்ராஹிம் எடுத்த நிலை. வாதிட்டவர்களில் பலர் முதன்மை கூடாது என்று சொல்லவில்லை. எது முதன்மை என்பதில்தான் வேறுபட்டார்கள். ஆக, இங்கே விவாதிக்க வேண்டியது முதன்மை என்ற சொல்லைத்தான்.

முதன்மை என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று அளவுகள்

முதன்மை என்றால் மேலே இருப்பதா, பெரிதாக இருப்பதா, கண்ணைக் கவர்வதா? மூன்றும் வேறு வேறு.

வரிசை என்பது மேல் கீழ் அல்லது இடம் வலம். மலாயை ரூமி எழுத்தில் எழுதினால் இடப்பக்கம் முதல் இடம். ஜாவியில் எழுதினால் வலப்பக்கம் முதல் இடம். ஒரே மொழிக்கு இரண்டு எழுத்துமுறை இருப்பதால் "இடப்பக்கம் இருப்பதே முதல்" என்ற விதி எல்லாப் பலகைக்கும் பொருந்தாது. மேலே இருப்பதே முதல் என்பது இதைவிடத் தெளிவு.

அளவு என்பது எழுத்தின் உயரமாக இருக்கலாம், அல்லது வரி பிடிக்கும் பரப்பாக இருக்கலாம். இவை இரண்டும் ஒரே விடையைத் தராது என்பதைக் கீழே பார்ப்போம்.

மூன்றாவது, நிறமும் ஒளியும். மேலே பெரிதாக மலாய், ஆனால் மங்கலான சாம்பல் நிறத்தில். கீழே சிறிதாக வேறு மொழி, ஆனால் இரவில் எரியும் சிவப்பு விளக்கில். வரிசையும் அளவும் விதிக்குள் இருக்கின்றன, கண்ணுக்கு முதலில் படுவது இரண்டாவது வரி. இப்படிப்பட்ட பலகையை எந்த அளவுகோலாலும் பிடிக்க முடியாது. அதிகாரியின் கண்தான் தீர்மானிக்கும்.

எண்ணில் எழுதிய இரண்டு ஊர்கள்

முதன்மை என்பதை எண்ணாக்கிய இடங்கள் உண்டு. நமக்கு மிக நெருக்கமானது தமிழ்நாடு. அங்கே 1948ஆம் ஆண்டு கடைகள், நிறுவனங்கள் விதிகளில் 15ஆவது விதி, பெயர்ப்பலகை தமிழில் இருக்க வேண்டும், பிற மொழிகள் தமிழுக்குக் கீழே வர வேண்டும் என்கிறது. தமிழ், ஆங்கிலம், பிற மொழி ஆகியவற்றுக்கான இடம் 5:3:2 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்பதும் நடைமுறை. வரிசை, அளவு இரண்டையும் இந்த விதி தனித்தனியாகச் சொல்லிவிடுகிறது. அது இதன் பலம்.

பலவீனமும் உண்டு. சென்னைக் கடைவீதியில் "ஃபேஷன் ஸ்டோர்ஸ்" என்று மேலே பெரிதாகத் தமிழ் எழுத்தில் எழுதியிருந்தால் விகிதம் சரியாக இருக்கும். ஆனால் அங்கே தமிழ் மொழி எங்கே? எழுத்து மட்டும்தான் தமிழ். விதி மொழியை எதிர்பார்த்தது, கடைக்காரர் எழுத்தைக் கொடுத்தார். நம்ம ஊர்ப் பெயரில் பார்த்த வேறுபாடு இங்கே திரும்ப வருகிறது.

இன்னொரு இடம் கனடாவின் கியூபெக். 1977இல் வந்த மொழிச் சட்டம் வணிகப் பலகைகளில் பிரெஞ்சு மட்டுமே என்றது. 1988 டிசம்பரில் கனடாவின் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை ஏற்கவில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பை மேலோட்டமாகப் படிக்கக் கூடாது. மற்ற மொழியை அடியோடு விலக்குவதைத்தான் நீதிமன்றம் மறுத்தது. பிரெஞ்சுக்குத் தெளிவான முதன்மை கேட்பது நியாயமாக இருக்க முடியும் என்றும் அது சொன்னது. 1993இல் கியூபெக் தன் சட்டத்தை அதற்கேற்ப மாற்றியது. பிற மொழி இருக்கலாம், பிரெஞ்சு தெளிவாக மேலோங்கி இருக்க வேண்டும். மேலோங்குவது என்பதற்கும் அளவு வைத்தார்கள்: ஒரே பலகையில் என்றால் பிரெஞ்சுக்கான இடம் மற்ற மொழிக்கான இடத்தைவிடக் குறைந்தது இரண்டு மடங்கு.

நமக்கு இங்கே பாடம் என்ன? "விலக்கு" என்பதும் "மேலோங்கு" என்பதும் ஒன்றல்ல. நம் துணைச் சட்டங்கள் இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. அவற்றை முதல் வகை என்று நினைத்துக் கொதிப்பவரும் தவறு, முதல் வகை போல அமலாக்குபவரும் தவறு.

ஒரு பலகையை அளந்து பார்ப்போம்

பேச்சு போதும், ஒரு கணக்குப் போடலாம். கடைவரிசையில் ஒரு மளிகைக் கடை. பலகை 20 அடி அகலம், 3 அடி உயரம். 3 அடி என்றால் 36 அங்குலம். மேலும் கீழும் 3 அங்குலம் ஓரம் விட்டால் எழுதக் கிடைப்பது 30 அங்குலம். மூன்று மொழி: மலாய், தமிழ், சீனம். தமிழ்நாட்டின் 5:3:2 விகிதத்தை இங்கே கடன் வாங்கி, முதல் இடத்தை மலாய்க்கும் இரண்டாம் இடத்தைத் தமிழுக்கும் கொடுப்போம். மலாய்க்கு 15 அங்குலம், தமிழுக்கு 9, சீனத்துக்கு 6.

பலகை செய்பவர்கள் ஒரு கைக்கணக்கு வைத்திருப்பார்கள்: எழுத்து ஓர் அங்குலம் உயரம் இருந்தால் சுமார் 10 அடி தூரத்திலிருந்து சிரமமில்லாமல் படிக்கலாம். வரிகளுக்கு இடையே மூச்சுவிட இடம் வேண்டும். அதைக் கழித்தால் மலாய் எழுத்து 12 அங்குலம். "பாசார் மினி" என்பது ரூமியில் பெரிய எழுத்தில் 12 அங்குலம் நிற்கும், 120 அடியிலிருந்து படிக்கலாம்.

தமிழ் வரிக்கு 9 அங்குலத்தில் இடைவெளி போக 7 அங்குலம் என்று வைப்போம். 70 அடியிலிருந்து படிக்கலாம் என்று கணக்குச் சொல்லும். ஆனால் நடக்காது. ஏன்?

ரூமியின் பெரிய எழுத்துகள் எல்லாம் ஒரே உயரம். மேலே எதுவும் போகாது, கீழே எதுவும் தொங்காது. தமிழ் அப்படி இல்லை. "ளி" என்று எழுதினால் மேலே ஒரு வளைவு ஏறுகிறது. "ரு" என்று எழுதினால் கீழே இறங்குகிறது. மெய்யெழுத்துக்கு மேலே புள்ளி. இவை எல்லாம் அந்த 7 அங்குலத்துக்குள் அடங்க வேண்டும். அப்போ "க", "ட", "ப" போன்ற எழுத்தின் உடல் பகுதிக்கு எழுத்துருவைப் பொறுத்துப் பாதியோ கொஞ்சம் கூடவோதான் மிஞ்சும். 4 அங்குலம் என்று வைத்துக்கொண்டால் படிக்கும் தூரம் 40 அடி. இரண்டு பக்கமும் கார் நிறுத்தியிருக்கும் கடைத்தெருவில், எதிர்வரிசையின் ஐந்தடிப் பாதையில் நிற்கும் பாட்டி அதைப் படிக்க முடியாமல் போகலாம்.

கணக்கை மறுபடி பாருங்க. விதியில் விகிதம் 5:3. படிக்கும் தூரத்தில் விகிதம் 120க்கு 40, அதாவது 3:1. யாரும் ஓரவஞ்சனை செய்யவில்லை. எழுத்தின் அமைப்பை அளவுகோல் கணக்கில் எடுக்காததால் வந்த வித்தியாசம் இது. கட்டுரை எழுதும் மாணவன் "தமிழைச் சிறுமைப்படுத்துகிறார்கள்" என்று எழுதுவதைவிட இந்தக் காரணத்தை எழுதினால் அந்தப் பத்திக்கு ஒரு கனம் வரும்.

பரிந்துரையும் இதிலிருந்தே பிறக்கிறது. எழுத்தளவை அளக்கும்போது மேல்வளைவு முதல் கீழ்வால் வரை அளக்காமல், எழுத்தின் உடலை அளக்க வேண்டும். ரூமியின் பெரிய எழுத்து உயரத்துக்கு ஒப்பிட வேண்டியது தமிழின் "ட", "ப" எழுத்துகளின் உயரத்தைத்தான். தேசிய மொழியின் முதன்மை இதனால் குறையப் போவதில்லை. 12 அங்குல மலாய்க்குக் கீழே 6 அங்குல உடல் கொண்ட தமிழ் இருந்தாலும் மலாய் இரு மடங்கு பெரிதுதான். ஆனால் தமிழ் 60 அடியிலிருந்து படிக்கக்கூடியதாகிவிடும்.

சொல்லின் நீளமும் ஓர் அளவுதான்

அதிகாரியிடம் கேட்க வேண்டியது அது. நம்மிடம் நாமே கேட்க வேண்டியது ஒன்று உண்டு. கடைக்காரர் தமிழாசிரியரிடம் வந்து, "சார், இதுக்குத் தமிழில் என்ன போடலாம்?" என்று கேட்பார். நாம் சிலசமயம் "மளிகைப் பொருள் விற்பனை நிலையம்" என்று எழுதிக் கொடுக்கிறோம். எண்ணிப் பார்த்தால் 15 எழுத்து, மூன்று இடைவெளி. "மளிகைக் கடை" என்றால் 6 எழுத்து, ஓர் இடைவெளி. 20 அடிப் பலகையில் இரண்டும் நுழையும். ஆனால் சந்தையில் 6 அடிக் கடைக்கு நீளமான பெயரை நுழைக்க எழுத்தைச் சுருக்கித்தான் ஆகணும்.

பரப்பை வைத்து அளக்கும் விதியில் நிலைமை இன்னும் மோசம். தமிழ் வரிக்கு இவ்வளவு சதுர அங்குலம்தான் என்று எல்லை இருந்தால், வரி இரண்டரை மடங்கு நீளும்போது எழுத்தின் உயரம் மூன்றில் இரண்டு பங்குக்கும் கீழே இறங்கும். உயரத்தை மட்டும் அளக்கும் விதியில் நீளமான சொல்லுக்குத் தண்டனை இல்லை. பரப்பை அளக்கும் விதியில் உண்டு. எந்த விதி என்று தெரிந்துகொண்டுதான் சொல் தேர்ந்தெடுக்க வேண்டும். பொதுவாக, மக்கள் வாயில் இருக்கும் சொல்லே குறுகிய சொல்லாகவும் இருக்கும். "தையல் கடை", "பூக்கடை", "முடிவெட்டும் கடை". "சிகை அலங்கார நிலையம்" என்பது பேச்சுப்போட்டிக்கு நன்று, பலகைக்கு நீளம்.

விதியைத் தாண்டாமல் விதியை ஏமாற்றுவது

மலாயும் ஆங்கிலமும் ஒரே எழுத்தில் எழுதப்படுவதால் இன்னொரு விஷயம் நடக்கிறது. ஆங்கிலப் பெயர் வைத்த உணவகம் முன்னால் "ரெஸ்டோரான்" என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும், பலகை முழுக்க ஒரே மொழி போலத் தோற்றம் தரும். தமிழுக்கும் சீனத்துக்கும் அந்தச் சலுகை இல்லை. அவை வேறு எழுத்து. 100 அடிக்கு அப்பாலிருந்தே "இது வேறு" என்று தெரிந்துவிடும். அமலாக்கத்துக்குப் போகும் அதிகாரியின் கண்ணில் முதலில் படுவதும் வேறு எழுத்துதான், வேறு மொழி அல்ல. எந்த மொழி மலாயின் இடத்தை உண்மையில் அதிகம் பிடித்திருக்கிறது என்று நடுநிலையாகக் கேட்டால், பல கடைவரிசைகளில் ஆங்கிலம் என்றுதான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இந்த இடத்தில் தமிழ்க் கடைக்காரர்களையும் விமர்சிக்க வேண்டும். உரிமத்தில் சிக்கல் வருமோ என்ற பயத்தில் தமிழ் வரியை எடுத்துவிட்டு மலாயும் ஆங்கிலமும் மட்டும் போடுபவர்கள் உண்டு. சட்டம் தமிழைத் தடுக்கவில்லை. அவர்கள் ஆங்கிலத்துக்கு இடம் கொடுத்துத் தமிழை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். தோட்டம் விட்டு ஊருக்கு வந்த குடும்பத்துப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு வெளியே தமிழ் எழுத்தைக் காட்டும் இடங்கள் கோயிலும் கடைத்தெருவும்தான். ஒரு வரி போனால் பிள்ளை தினமும் வாசிக்கும் ஒரு வரி போகிறது.

உடைந்த எழுத்தைவிட எழுத்து இல்லாமலிருப்பதே மேல்

இடமும் கிடைத்து அளவும் கிடைத்த பிறகு பலகை கெட்டுப்போகும் இடம் அச்சுக்கடை. தமிழ் தெரியாத வடிவமைப்பாளர் கைபேசியில் வந்த தமிழ்ச் சொல்லை வெட்டி, வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டுவார். இந்திய எழுத்துகளைச் சேர்த்து அமைக்கும் வசதி அந்த மென்பொருளில் இயக்கப்படாமல் இருந்தால் எழுத்து உடைந்துவிடும். கண்டுபிடிப்பது எளிது. "கடை" என்பதில் ஐகாரக் குறி "ட"வுக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். "பொ" என்பதன் கொம்பு இடம் மாறும். சில இடத்தில் புள்ளிகளாலான ஒரு சிறு வட்டம் தோன்றும். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததை ஒருங்குறி எழுத்துருவுக்கு மாற்றினால் சம்பந்தமே இல்லாத குறிகள் வரும்.

தீர்வு இரண்டு படி. தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பை மென்பொருளில் இயக்கச் சொல்லுங்க. எழுத்து சரியாக வந்தவுடன் அதைக் கோட்டுருவமாக மாற்றச் சொல்லுங்க, அப்புறம் எந்தக் கணினியில் திறந்தாலும் மாறாது. அச்சுக்குப் போகும் முன் படத்தை வாங்கி ஒருமுறை பாருங்க. உரிமத்துக்காக மலாய் வரியைச் சரிபார்க்க ஓர் அமைப்பு இருக்கிறது. தமிழ் வரியைச் சரிபார்க்க அந்த ஊர்த் தமிழாசிரியரைவிட்டால் வேறு ஆள் இல்லை.

தேர்வு மாணவர்களுக்கு

இந்தத் தலைப்பில் எழுதும்போது மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்டுப் பதில் சொல்லுங்கள். எந்த மொழி முதலில்? நம் நாட்டில் இதற்குப் பதில் தெளிவு: மலாய். மற்ற மொழி இருக்கலாமா? அரசியலமைப்பின் 152ஆவது பிரிவு பதில் சொல்கிறது: இருக்கலாம். இரண்டாவதாக வரும் மொழி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? உண்மையான விவாதம் இந்த மூன்றாவது கேள்வியில்தான் இருக்கிறது. என் பதில் இது: முதல் மொழியைவிடச் சிறிதாக, ஆனால் எதிர்வரிசையில் நிற்பவர் படிக்கும் அளவுக்குக் குறையாமல். படிக்க முடியாத அளவில் ஒரு மொழியை எழுதுவதற்கு அனுமதி கொடுப்பது அனுமதி கொடுத்த மாதிரிதான் இருக்கும், கொடுத்ததாக ஆகாது. இந்தப் பதிலோடு நீங்கள் உடன்படாமலும் எழுதலாம். ஆனால் உங்கள் கட்டுரையிலும் ஓர் அளவு இருக்கட்டும்.